நோர்வேயில் தொழிற்பயிற்சி: வராத பட்டியலுக்காகக் காத்திருக்கும் பெற்றோர்

ஜூன் மாதம் பிறந்தால் நோர்வேத் தமிழ் வீடுகள் சிலவற்றில் ஒரே கேள்விதான்: "லேர்பிளாஸ் முடிவு வந்ததா?" பிள்ளை மார்ச் 1ஆம் திகதிக்கு முன் vigo.no ஊடாக விண்ணப்பித்துவிட்டது. இனித் தெரிவுப் பட்டியல் வரும் என்று நாம் காத்திருக்கிறோம். பல்கலைக்கழக அனுமதிக்கு வெட்டுப்புள்ளி பார்த்துக் காத்திருந்த நமக்கு அது பழகிய வழி.

ஆனால் இங்கே அப்படியொரு பட்டியலை யாரும் தயாரிப்பதில்லை. மாவட்ட நிர்வாகமான ஃபில்கெ விண்ணப்பத்தை நிறுவனங்களுக்குக் காட்டுகிறது. பின்னர் ஒப்பந்தத்தை அங்கீகரிக்கிறது. யாரை எடுப்பது என்று முடிவு செய்வது நிறுவனமே. ஆகவே மௌனம் என்பது பெரும்பாலும் நிராகரிப்பு அல்ல, அங்கே இன்னும் எவரும் முடிவெடுக்கவில்லை என்பதுதான்.

எமக்குத் தெரிந்த ஒரு மாணவரின் கதை இது. தச்சுத் தொழிலில் இரண்டாம் ஆண்டு முடித்தவர். ஏப்ரலில் ஒரு பயிற்சி அலுவலகத்தில் நேர்முகம் நடந்தது. பல நிறுவனங்கள் சேர்ந்து பயிற்சியாளர்களைப் பொறுப்பெடுக்க வைத்திருக்கும் அமைப்பு அது. பிறகு ஒன்பது வாரம் பதில் இல்லை. "கரைச்சல் குடுக்காதை, பிறகு பிழையாய் நினைப்பினம்" என்றார் தாயார். கடைசியில் ஜூன் நடுப்பகுதியில் அவரே தொலைபேசி எடுத்தார். அவர்கள் இறுதிப் புள்ளிகளுக்கும் பாடசாலைக்கு வராத நாட்களின் கணக்குக்கும் காத்திருந்தார்களாம். விண்ணப்பத்தில் இருந்தவை அரையாண்டுப் புள்ளிகளே. சான்றிதழ் கிடைத்த அன்றே அனுப்பினார். ஓர் உறுப்பு நிறுவனம் ஒரு வாரம் வேலைக்கு அழைத்துப் பார்த்தது. ஓகஸ்டில் ஒப்பந்தம் கைச்சாத்தானது.

அவர் கேட்டவை மூன்றுதான். என் விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் உள்ளதா? என்னிடமிருந்து ஏதேனும் ஆவணம் தேவையா? எப்போது மறுபடி அழைக்கலாம்? "எனக்கு இடம் கிடைக்குமா" என்று கேட்டால் எவராலும் பதில் சொல்ல முடியாது. இந்த மூன்றுக்கும் பதில் உண்டு. அழைப்பதும் பெற்றோர் அல்ல, பிள்ளையாக இருக்க வேண்டும். வேலைக்கு எடுக்கப்போகிறவர் கேட்க விரும்புவது அந்தக் குரலைத்தான்.

ஃபில்கெக்கும் அழைக்க வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்கு. இடம் கிடைக்காத மாணவருக்குப் பாடசாலையிலேயே தொழிற்பயிற்சியை முடிக்கும் வழியை அவர்கள்தான் ஒழுங்கு செய்கிறார்கள். அந்த அழைப்புக் கடிதத்துக்கு உரிய திகதிக்குள் பதில் அளிக்காவிட்டால் அதுவும் கைவிட்டுப் போகலாம். அதில் சம்பளம் இல்லை. நிறுவனப் பயிற்சியிலோ, தேர்ச்சி பெற்ற தொழிலாளியின் ஊதியத்தில் ஒரு பங்கு முதல் அரையாண்டிலிருந்தே கிடைத்து, படிப்படியாக உயரும். ஆகவே பாடசாலை இடத்தை ஏற்றுக்கொண்ட பிறகும் நிறுவனங்களைத் தொடர்ந்து கேட்பதில் பயனுண்டு.

கோடை விடுமுறையில் ஜூலை முழுவதும் அலுவலகங்கள் வெறிச்சோடிக் கிடக்கும். கேட்க வேண்டியதை ஜூன் முடிவதற்குள் கேட்பதே நல்லது.