அன்புள்ள நண்பனுக்கு, அஞ்சு மார்க்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப அக்கா ஒரு விடைத்தாளைக் காட்டினாங்க. அக்கா உடன்குடி பக்கம் ஒரு ஸ்கூல்ல ஏழாம் வகுப்பு டீச்சர். தமிழ்ப் பரிட்சையில "உன் ஊர்த் தொழில் பற்றி நண்பனுக்குக் கடிதம் எழுதுக"ன்னு கேள்வி. அஞ்சு மார்க். ஒரு பையனுக்கு ரெண்டு போட்டிருந்தாங்க. வேற ஸ்கூல் ஆசிரியர் திருத்தினது. அவன் செஞ்ச தப்பு என்ன தெரியுமா? நிஜமாவே ஒரு நண்பனுக்கு எழுதிட்டான்.

கொஞ்சம் பின்னாடி போறேன்.

போன வருஷம் அக்கா, கொடைக்கானல் மேல்மலையில இருக்கற ஒரு ஸ்கூலோட பேசி, ரெண்டு ஏழாம் வகுப்பும் கடிதம் எழுதிக்கலாம்னு ஏற்பாடு பண்ணினாங்க. இங்க 34 பேர், அங்க 29. இங்க பனங்காடு, அங்க பூண்டுத் தோட்டம். நல்ல ஜோடிதான். ஆனா முதல் சுற்றுலயே சொதப்பல். "நம்ம ஸ்கூல் பேர்ல பிழையோட ஒரு கடிதம் வெளிய போகக்கூடாது"ன்னு மேலிடத்து உத்தரவு. அக்கா போர்டுல எழுதிப் போட்டாங்க, பிள்ளைங்க பார்த்து எழுதினாங்க. "எங்கள் ஊர் கருப்பட்டிக்குப் புகழ்பெற்றது." 34 கடிதம், 34 தடவை அதே வரி. அங்கேருந்து 29 பதில் வந்துச்சு: "எங்கள் ஊர் இயற்கை எழில் கொஞ்சும் ஊர்." போதுமா? இதைப் படிக்க எந்தப் பிள்ளைக்கு ஆசை வரும்?

நான் பொட்டி தட்டுறவன், எனக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்றேன். காலேஜ் லேப்ல எழுதற புரோகிராமை யாரும் உபயோகிக்கப் போறதில்லை. அவுட்புட் வந்தா மார்க், அதோட சரி. முதல் முறையா நிஜமான யூசர் ஒருத்தர் "இந்தப் பட்டனை அமுக்கினா என்ன ஆகும்"னு கேட்டப்பதான் நான் புரோகிராம் எழுதவே கத்துக்கிட்டேன். பரிட்சைக் கடிதம் லேப் புரோகிராம் மாதிரி. அதுக்கு யூசரே கிடையாது.

அந்த 29ல ஒரே ஒரு கடிதத்துல மட்டும், கையெழுத்துக்குக் கீழ, டீச்சர் பார்க்காம ஒரு வரி எழுதியிருந்துச்சாம்: "கருப்பட்டிக்கு சீனி போடுவாங்களா?" அது போய்ச் சேர்ந்தது பனையேறி வீட்டுப் பையனுக்கு. மூணு வரிக்கு மேல எழுதாத பையன். அவனுக்கு ரோஷம் வந்துருச்சு. சீனியா! உக்காந்து ஒரு பக்கம் எழுதினான். கலயத்துல சுண்ணாம்பு தடவிக் கட்டுவோம், பதனியை இறக்கிக் காய்ச்சுவோம், பதம் வந்ததும் சிரட்டையில ஊத்துவோம், சீனி எல்லாம் கிடையாதுன்னு. இந்த முறை அக்கா போர்டுப் பக்கமே போகலை.

பதில் வந்துச்சு. "சுண்ணாம்பு எதுக்கு? சிரட்டைன்னா என்ன?"

இந்த ரெண்டு கேள்விதாங்க மொத்த விஷயமும். சிரட்டைங்கற வார்த்தை எல்லாருக்கும் தெரியும்னு அவன் நினைச்சிருந்தான். மலையில அது கொட்டாங்குச்சி. சுண்ணாம்பு தடவலைன்னா பதனி புளிச்சுக் கள்ளாயிரும்ங்கறது அவன் வீட்டுல யாரும் சொல்லவே தேவையில்லாத விஷயம். படிக்கிறவனுக்கு என்ன தெரியாதுன்னு யோசிச்சு எழுதறதுதான் எழுத்து. அதை எந்த இலக்கணப் பாடமும் அவனுக்குச் சொல்லித் தரலை. மறுபடி எழுதும்போது அக்காகிட்ட வந்து "டீச்சர், பனைக்கு ரெண்டு சுழியா மூணு சுழியா?"ன்னு கேட்டானாம். ஏழு வருஷத்துல அவனா கேட்ட முதல் எழுத்துப்பிழை சந்தேகம்.

இது ஒண்ணும் அக்கா கண்டுபிடிச்சதில்லை. பிரான்ஸ்ல செலஸ்தென் ஃப்ரெனேங்கற கிராமத்து வாத்தியார் 1920கள்லயே ஆரம்பிச்சுட்டார். தெற்கு மலையில இருந்த அவர் வகுப்பும் பிரிட்டனிக் கடலோரத்து வகுப்பும், பிள்ளைங்களே அச்சுக்கோத்த பக்கங்களை மாத்திக்கிட்டாங்க. அந்த வழியில வந்த இத்தாலி ஆசிரியர் மாரியோ லோதி, 1963ல லொரென்ஸோ மிலானிங்கற பாதிரியாரைப் பார்க்க பார்பியானாங்கற மலைக் கிராமத்துக்குப் போனார். மிலானி அங்க ஏழை விவசாயிங்க வீட்டுப் பசங்களுக்குப் பள்ளி நடத்திக்கிட்டிருந்தார். ரெண்டு வகுப்புக்கும் நடுவுல கடிதம் ஆரம்பிச்சுது.

பார்பியானா பசங்க அந்தப் பதிலை எல்லாரும் சேர்ந்து எழுதினாங்க. அதுலேருந்து ஒரு முறையே உருவாச்சு. ஒரு சீட்டுக்கு ஒரு யோசனைன்னு தனித்தனியா எழுதணும். எல்லாச் சீட்டையும் மேசையில பரப்பி, ஒரே விஷயத்தைச் சொல்றதைத் தூக்கிப் போட்டு, மிச்சத்தை வகை பிரிச்சு வரிசைப்படுத்தணும். அப்புறம் எந்த வார்த்தையை வெட்டலாம்னு போட்டி. கடைசியில, அதிகம் படிக்காத வெளியாள் ஒருத்தரைக் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டி, நாம நினைச்சதுதான் அவருக்குப் புரிஞ்சுதான்னு பார்க்கணும். 1967ல வெளிவந்த 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' இந்த முறையில எழுதின புத்தகம். தங்களை ஃபெயிலாக்கின பள்ளிக்கூடத்தை நாறடிச்ச புத்தகம். கடிதம் எழுதிப் பழகின பசங்க அடுத்து யாருக்கு எழுதுவாங்கன்னு பாருங்க!

"போர்ஷன் முடிக்கணும் சார்"ம்பாங்க. கடிதம் எழுதறது போர்ஷன்லயேதான் இருக்கு. "பிழையோட எப்படி அனுப்பறது"ம்பாங்க. ரஃப்ல திருத்துங்க, பிள்ளையே நல்லா ஒரு காப்பி எழுதட்டும். ஆனா வாக்கியத்தை நீங்க எழுதிக் குடுத்தா அன்னிக்கே செத்துச்சு. செத்துச்சான்னு கண்டுபிடிக்கறது ரொம்ப சுலபம். ரெண்டு கடிதத்துல பேரை மாத்திப் பாருங்க. யாருக்கும் வித்தியாசம் தெரியலைன்னா அது கடிதமில்லை, இம்போசிஷன். அடுத்து, எதிர்ப்பக்கத்துப் பிள்ளை மட்டுமே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியாவது இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அடுத்த கடிதம் வராது.

நிஜமான கஷ்டம் வேற இடத்துல இருக்கு. 34க்கு 29ன்னா அஞ்சு பிள்ளைக்குப் பதில் வராது. முதல் தடவை கவரைப் பிரிச்சப்ப ஒரு பொண்ணு அழுதுட்டா. அதுக்கப்புறம் மேல்மலையில அஞ்சு பேர் ஆளுக்கு ரெண்டு கடிதம் எழுத ஒத்துக்கிட்டாங்க. போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் எண்ணிப் பார்க்கறாங்க. லீவு போட்ட பிள்ளைக்காகக் கவர் ரெண்டு நாள் காத்திருக்கும். பரிட்சை மாசத்துல எல்லாம் நின்னுபோகும். இதுக்கெல்லாம் பொறுமை வேணும், மறுக்கலை.

இப்ப அந்த ரெண்டு மார்க்குக்கு வர்றேன். வினாத்தாள்ல பேரும் முகவரியும் அவங்களே குடுத்திருந்தாங்க. பையன் அதை விட்டுட்டு மேல்மலை நண்பனோட பேரைப் போட்டான். "நலம், நலமறிய ஆவல்" எழுதலை. "சிரட்டை, அதாவது உங்க ஊர்ல கொட்டாங்குச்சி"ன்னு எழுதினான். கடைசியில "பூண்டை எத்தனை நாள் காயவைப்பீங்க?"ன்னு ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு மேல சிவப்பு மையில ஒரு கோடு. பக்கத்துல "தேவையற்றது".

அக்கா அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து அடுத்த கவர்ல வெச்சு அனுப்பிட்டாங்க. அங்கயாவது அந்தக் கேள்விக்குப் பதில் எழுத ஒருத்தன் இருக்கான்.