நாலு வழியில் வருமானம் வந்தும் யூடியூபருக்கு ஏன் பயம்?

2020 ஜூன் 29 இரவு, இந்தியாவில் டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்குத் தடை வந்தது. அங்கே பிரபலமாக இருந்த பலருக்கும் பணம் வந்தது பெரும்பாலும் பிராண்டுகளிடமிருந்துதான். ஆனால் செயலி போனதும் பிராண்டுகளும் போய்விட்டன. காசு யார் கொடுத்தாலும், அது எதை நம்பி வருகிறது என்பதுதான் விஷயம்.

சரி, ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போமா?

ஒரு சமையல் சேனலுக்கு மாதம் விளம்பரப் பங்காக 40,000 ரூபாய் வருகிறது. நீளமான வீடியோவின் விளம்பர வருவாயில் 55 சதவீதத்தை யூடியூப் கிரியேட்டருக்குத் தருகிறது. ஒரு ஸ்பான்சர் வீடியோவுக்கு 60,000. மாதம் 59 ரூபாய் கட்டும் மெம்பர்கள் 200 பேர் என்றால் 11,800. அதில் 70 சதவீதம், அதாவது சுமார் 8,260 கைக்கு வரும். சொந்த மசாலாப் பொடி 300 பாக்கெட், ஒன்று 150 ரூபாய். விற்பனை 45,000 என்றாலும் பொருள், பேக்கிங், கூரியருக்கு பாக்கெட்டுக்கு 105 போனால் லாபம் 13,500தான்.

மொத்தம் 1,21,760 ரூபாய். விளம்பரப் பங்கு இதில் மூன்றில் ஒன்றுதான். பார்க்கப் பாதுகாப்பாகத்தான் தெரிகிறது.

வியூஸ் பாதியானால்?

விளம்பரப் பணம் உடனே இறங்கும். ஸ்பான்சரும் சமீபத்திய வீடியோக்களின் சராசரி வியூஸைப் பார்த்துத்தான் ரேட் பேசுவார் என்பதால், அடுத்த டீலில் அதுவும் குறையும். ஆக, இந்த இரண்டும் தனித்தனி வருமானம் போலத் தெரிந்தாலும் ஒரே கிளையில்தான் தொங்குகின்றன. மெம்பர்கள் அப்படி இல்லை. வியூஸ் குறைந்த மாதத்திலும் அவர்களின் 59 ரூபாய் வரும்.

சேனலே முடங்கினால்?

அப்போது மெம்பர்ஷிப்பும் சேர்ந்தே போய்விடும், ஏனென்றால் அது யூடியூபுக்குள் இருக்கிறது. மிஞ்சுவது அந்த 13,500 மட்டும்தான். அதுவும், வாங்கியவர்களின் தொடர்பு கிரியேட்டர் கையில் இருந்தால்தான். அமேசான் மாதிரி தளத்தில் மட்டும் விற்றால், வாங்கியவரை நேரடியாகத் தொடர்புகொள்ளும் வாய்ப்பு விற்பவருக்குப் பெரும்பாலும் கிடைக்காது. சொந்த இணையதளத்திலோ வாட்ஸ்அப்பிலோ ஆர்டர் எடுத்தால், புதுப் பொருள் வரும்போது, அவர்கள் சம்மதித்திருந்தால், நேரடியாகச் சொல்லலாம்.

பொருள் விற்பதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. மசாலாவுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும். பொடியில் வண்டு வந்தால் திட்டு விழுவது சேனல் பெயருக்குத்தான். விற்காத பாக்கெட்டின் நஷ்டமும் கிரியேட்டர் தலையில்தான்.

அதனால் எத்தனை வழியில் பணம் வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது மட்டும் போதாது. நாளைக் காலை சேனல் திறக்கவில்லை என்றால் எதில் பணம் வரும் என்று ஒவ்வொரு வரவையும் தனித்தனியே கேட்டுப் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கில் அதற்குப் பதில், 1,21,760 ரூபாயில் வெறும் 13,500.