சுகர் வீடியோவில் சோறு எத்தனை தடவை விழுகிறது?

சர்க்கரை நோயாளிகளுக்கான உணவு வீடியோக்களில் ஒரே தட்டுதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்பது அங்குலத் தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு அல்லது சப்பாத்தி, மீதி கால் பங்கு பருப்பு, முட்டை, மீன். கணக்கு சரிதான். ஆனால் காஞ்சிபுரத்தில் குழித்தறியிலிருந்து எழுந்து சாப்பிட உட்காரும் நெசவாளருக்கு அந்தப் படம் பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

நம்ம சாப்பாடு ஒரே தடவையில் தட்டுக்கு வருவதில்லை. முதலில் சாம்பாருக்குச் சோறு, அப்புறம் ரசத்துக்கு, கடைசியில் மோருக்கு. அசையாத படம் முதல் சுற்றோடு நின்றுவிடும். பார்ப்பவரும் முதல் சுற்றைக் கால் தட்டாகக் குறைத்துவிட்டு, மற்ற இரண்டையும் வழக்கம்போல் போட்டுக்கொள்வார்.

கணக்கைப் பாருங்கள். 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து. சுற்றுக்கு ஒரு கப், அதாவது 150 கிராம் என்றால் மூன்று சுற்றில் 126 கிராம். திட்டப்படி மொத்தமே ஒரு கப்தான், சுமார் 42 கிராம். அனிமேஷன் உண்மையிலேயே தேவைப்படுவது இங்கேதான். முதலில் அந்த ஒரு கப் சோறு திரையில் வர வேண்டும். பிறகு அது மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொரு பங்கும் குழம்பு, ரசம், மோர் பக்கம் நகர வேண்டும். குரல் அதே நொடியில், "மூணு தடவையும் சேர்த்துத்தான் ஒரு கப்" என்று சொன்னால் போதும். காய்க்கான பாதியில் உருளை, சேப்பங்கிழங்கைப் போடக்கூடாது. அவை சோற்றுக் கணக்கில் சேரும்.

கோயில் இட்லிக்கும் தனிப் படம் வேண்டும். மிளகு, சீரகம், சுக்கு சேர்வதால் அது உடம்புக்கு நல்லது என்று ஊரில் ஒரு நம்பிக்கை. சுவை அபாரம், சந்தேகமில்லை; ஆனால் அரிசி அரிசிதான். சாதாரண இட்லி சுமார் 40 கிராம் இருக்கும். மூங்கில் கூடையில் வெந்த பெரிய இட்லியில் வெட்டிய துண்டு 120 கிராம் இருந்தால், அது மூன்று இட்லி. துண்டைத் தராசில் வைப்பதைத் திரையில் காட்டிவிட்டால் விளக்கமே வேண்டாம்.

குரல் தவறவிடக்கூடாத வாக்கியம் ஒன்று உண்டு: "இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுக்கிறவங்க டாக்டர்கிட்ட கேட்காம சோத்தைச் சட்டுனு குறைக்காதீங்க." மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்கு ஏற்றது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரை போட்டுக்கொண்டு சோற்றை மட்டும் குறைத்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம்; வியர்வையும் நடுக்கமும் வரும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வரும் ஊழியரின் போனில் இப்படியொரு வீடியோவும் இருக்கலாம். ஓடி முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்பதில் பயனில்லை, எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்த வீட்டுத் தட்டையும் கரண்டியையும் கையில் கொடுத்து, மோர் வரைக்கும் பரிமாறிக் காட்டச் சொல்ல வேண்டும்.