மிகையாகக் கட்டிய சுங்க வரி: தரகரிடம் முதலில் கேட்க வேண்டியது

குன்னத்துகாலில் சிறு பட்டறை நடத்தும் ஒருவர் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஓர் இயந்திரத்தைத் தருவிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் மதிப்பு 16 லட்சம் ரூபாய். இறக்குமதிப் பத்திரமான பில் ஆஃப் என்ட்ரியில் அது 20 லட்சம் என்று தவறாகப் பதிவாகிவிடுகிறது. அடிப்படைச் சுங்க வரி 7.5 விழுக்காடு என்றால் மிகை வரி 30,000 ரூபாய்; அதன்மேல் சமூகநல மேல்வரி 3,000. ஒருங்கிணைந்த ஜிஎஸ்டியும் கூடியிருக்கும். ஆனால் அதை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொண்டவர் அதே தொகையை மீண்டும் கேட்க இயலாது. ஆகவே மீட்க வேண்டியது 33,000 ரூபாய்.

பிழை தெரிந்தவுடன் நம்மவர் தரகரிடம், "ரீஃபண்ட் விண்ணப்பம் போட்டுவிடலாமா?" என்றே கேட்பார். அக்கேள்வி ஒரு படி முந்திவிடுகிறது என்பது எமது கருத்து. 2019 செப்டம்பரில் ஐடிசி வழக்கில் உச்ச நீதிமன்றம், இறக்குமதியாளர் தாமே செய்த வரி மதிப்பீடும் ஓர் ஆணையே என்றும், அது திருத்தப்படாதவரை பணத்தைத் திரும்பக் கோர முடியாது என்றும் தீர்ப்பளித்தது. எனவே, "பத்திரத்தை எவ்வழியில் திருத்துவது?" என்பதே முதற்கேள்வி.

ஆணையருக்கு மேல்முறையீடு செய்வது ஒரு வழி; அதற்கு 60 நாளே கெடு. சுங்கச் சட்டத்தின் 149ஆம் பிரிவின்படி திருத்தம் கோருவது மற்றொன்று. இங்கே சரக்கை விடுவித்த நாளில் இருந்த ஆவணமே சான்றாகும். பின்னர் எழுதி வாங்கிய கடிதம் பயன்படாது. அசல் விலைப்பட்டியலும், முன்பணம் அனுப்பியிருந்தால் வங்கியின் பணம் அனுப்பிய சான்றும் இங்கே கைகொடுக்கும். 2025ஆம் ஆண்டு நிதிச் சட்டம் சேர்த்த 18ஏ பிரிவு, இறக்குமதியாளர் தாமே பதிவைத் திருத்த இடமளிக்கிறது. பணம் திரும்ப வர வேண்டியிருந்தால் அத்திருத்தமே கோரிக்கையாகக் கருதப்படும். சிறு வணிகருக்கு இதுவே நல்ல வழி என்போம். ஆயினும் தணிக்கையோ சோதனையோ தொடங்கிய பின் இது கிட்டாது.

எவ்வழியாயினும் 27ஆம் பிரிவின் ஓராண்டுக் கெடுவை மறக்கலாகாது. 149 அல்லது 18ஏ வழியே திருத்தினால், அந்த ஆண்டு வரி கட்டிய நாளிலிருந்தே எண்ணப்படும், திருத்தம் கிடைத்த நாளிலிருந்து அன்று. தரகர் "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் ஒவ்வொரு மாதமும் இதில் கழிகிறது.

இறுதித் தடை ஒன்றுண்டு. மிகை வரியை வாடிக்கையாளர் மீது ஏற்றியிருந்தால் பணம் நுகர்வோர் நல நிதிக்குப் போய்விடும். ஏற்றவில்லை என்று காட்டும் பொறுப்பு இறக்குமதியாளருடையதே. கணக்கேட்டில் 33,000 ரூபாயைச் செலவாக எழுதாமல், சுங்கத் துறையிடமிருந்து வர வேண்டிய தொகையாகக் காட்டி, பட்டயக் கணக்காளரின் சான்றையும் இணைப்பது வழக்கம். முழுமையான விண்ணப்பம் அளித்து மூன்று மாதம் கடந்தும் பணம் வராவிடில் வட்டியும் உண்டு. அதைத் தரகர்கள் பலர் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.