பிளவை எண்ணும் முன் இடத்தைப் பாருங்கள்

விருத்தாசலத்துப் பிள்ளைகளே, உங்களில் எம்.எஸ்சி. வேதியியல் படிப்பவர்களுக்கு இது. புரோட்டான் என்எம்ஆர் படம் கைக்கு வந்ததும் முகட்டின் பிளவுகளை எண்ணத் தொடங்குகிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பொருளின் வாய்பாடு C4H8O2 என்று வையுங்கள். படத்தில் நான்காகப் பிளந்த முகடு ஒன்று, மூன்றாகப் பிளந்தது ஒன்று, பிளவில்லாதது ஒன்று. தொகையீட்டுக் கோடு முறையே 22, 33, 33 மி.மீ. ஏறுகிறது. அதாவது 2:3:3, கூட்டினால் 8 ஹைட்ரஜன், கணக்கு சரி. பக்கத்துக் கார்பனில் மூன்று ஹைட்ரஜன் இருந்தால் நான்கு பிளவு, இரண்டு இருந்தால் மூன்று. ஆகவே CH2, CH3 இரண்டும் அடுத்தடுத்து; இன்னொரு CH3 தனியே. உடனே எத்தில் அசிட்டேட் என்று எழுதிவிடுகிறீர்கள். நகப்பூச்சு வாசனை பழகிய பொருளாயிற்றே!

மெத்தில் புரோப்பனோயேட்டும் இதே பிளவையும் இதே விகிதத்தையும்தான் காட்டும். முகடு நிற்கும் இடம்தான் வேறு. ஆக்சிஜனை ஒட்டிய கார்பனின் ஹைட்ரஜன்கள் படத்தில் இடப்பக்கம் தள்ளிப்போகும். நான்கு பிளவு 4.1 பிபிஎம்மிலும் தனி முகடு 2.0-இலும் இருந்தால் எத்தில் அசிட்டேட். தனி முகடு 3.7-இல் ஏறி, நான்கு பிளவு 2.3-க்கு இறங்கியிருந்தால் மற்றது.

இன்னொன்று. எத்தில் அசிட்டேட் ஆய்வகத்தில் அன்றாடக் கரைப்பான். சரியாக உலர்த்தாத மாதிரியில் அதுவே ஒட்டிக்கொண்டு இதே மூன்று முகடுகளையும் சிறிதாகக் காட்டும். மற்ற முகடுகளோடு ஒப்பிட்டால் அவற்றின் தொகையீடு முழு எண்ணாக வராது. மீண்டும் உலர்த்திப் படமெடுத்தால் குறைந்துவிடும்.