நல்ல துரை இருந்தால் போதுமா?



அண்மையில் தோட்டத்துக் கந்தோரில் நடந்த ஒரு பேச்சுவார்த்தையில் எங்களுக்கு ஒரு பாடம் சொல்லப்பட்டது. "உங்களை இங்கே யாரும் கட்டிப் போடவில்லையே. வேலைக்கு வருகிறீர்கள், கோயிலுக்குப் போகிறீர்கள், விரும்பிய கட்சிக்கு வோட்டுப் போடுகிறீர்கள். பிடிக்காவிட்டால் கொழும்புக்குப் போகலாம். இதற்கு மேல் என்ன சுதந்திரம் வேண்டும்?" என்று கேட்டார்கள். நாங்கள் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறோம்.

முதலில் எங்கள் தோட்டத்தில் நடந்ததைச் சொல்லுகிறோம். சில வருடங்களுக்கு முன் இங்கே ஒரு நல்ல துரை இருந்தார். இதை நக்கலாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே நல்லவர். லயத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த நிலத்தில் மரக்கறி போட விட்டார். பிள்ளைக்குச் சுகமில்லை என்று பிரட்டுக்குப் பிந்தி வந்த அம்மாவைத் திருப்பி அனுப்பவில்லை. கொழுந்து இரண்டு கிலோ குறைந்தாலும் அரைப்பேர் போடச் சொல்லவில்லை. பிறகு அவர் மாற்றலாகிப் போனார். புதியவர் வந்த மூன்றாம் மாதம் மரக்கறித் தோட்டம் பிடுங்கப்பட்டது. பிந்தி வந்தவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நிறை குறைந்தவர்களுக்கு அரைப்பேர் விழுந்தது. இதற்கு எந்தச் சட்டமும் மாறவேண்டி இருக்கவில்லை. நாற்காலியில் இருந்த ஆள் மாறினார், அவ்வளவுதான்.

இப்போது கேள்வி இது: நல்ல துரை இருந்த காலத்தில் நாம் சுதந்திரமாக இருந்தோமா?

இதற்கு இரண்டு பதில் உண்டு. இரண்டையும் உலகத்துப் பேரறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். முதலாவது பதில்: ஆம், இருந்தீர்கள். ஒருவர் செய்ய நினைப்பதில் இன்னொருவர் குறுக்கே வந்து தலையிடாதவரை அவர் சுதந்திரமானவர். 1958இல் ஒக்ஸ்போர்ட்டில் ஐசாயா பெர்லின் ஆற்றிய பேருரை இந்தக் கருத்துக்குப் பேர்போனது. தாராளவாதிகள் பலரின் கணக்கும் இதுவே. இரண்டாவது பதில்: இல்லை. ஒருவர் நினைத்தால் கேள்விமுறை இல்லாமல் உன் வாழ்க்கையில் கை வைக்கலாம் என்றால், அவர் கை வைக்காவிட்டாலும் நீ சுதந்திரமானவன் இல்லை. இது பழைய ரோமாபுரிக் குடியரசின் சிந்தனை. அங்கே அடிமை என்றால் அடிபடுகிறவன் என்று பொருளில்லை. இன்னொருவர் அதிகாரத்துக்குள் இருப்பவன் என்று பொருள். தங்கமான எசமானிடம் ஒருநாளும் அடிபடாமல் வாழ்ந்தவனும் அடிமைதான். இந்தச் சிந்தனையை நம் காலத்தில் மீட்டெடுத்து வளர்த்தவர்கள் குவென்டின் ஸ்கின்னரும் பிலிப் பெட்டிட்டும். பெட்டிட்டின் 'குடியரசுவாதம்' என்ற நூல் 1997இல் வந்தது. தலையீடு இல்லாமை வேறு, ஆதிக்கம் இல்லாமை வேறு என்பதே அதன் சாரம்.

இது புத்தகத்துச் சங்கதி, நமக்கு எதற்கு என்று நினைக்கவேண்டாம். நம்முடைய சரித்திரமே இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சரித்திரம். அதைப் பார்ப்பதற்குத்தான் மேல்வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தலைமன்னாருக்குப் போனோம்.

பழைய இறங்குதுறையில் நின்றால் எதிரே கடல்தான். அந்தப் பக்கம் தனுஷ்கோடி, முப்பது கிலோமீற்றர் அளவுதான். நம் முன்னோர் தோணியில் வந்து இறங்கியது மன்னார்த் தீவிலும் அரிப்பு போன்ற கரைகளிலும். அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் செத்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு நடந்தார்கள். 1914இல் கப்பலும் ரெயிலும் இணைக்கப்பட்ட பிறகு தலைமன்னாரே வாசலானது. 2023இல் மலையகம் 200 நினைவாக நம் மக்கள் இதே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி நடந்ததை நீங்கள் அறிவீர்கள்.

அந்தக் காலத்துத் தோட்டக்காரர்கள் ஒரு விஷயத்தில் பெருமைப்பட்டார்கள். மொரிசியசுக்கும் பீஜிக்கும் போனவர்கள் ஐந்து வருட ஒப்பந்தக் கூலிகள். இலங்கைக்கு வருகிறவர்களோ சுதந்திரமான தொழிலாளர்கள் என்றார்கள். தாளில் அது உண்மையும்கூட. வேலை மாதக் கணக்கில். ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்தால் போகலாம். சொல்லாமல் போனால் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறை. முறையாகச் சொல்லிவிட்டுப் போகிறவரை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

அப்படியானால் ஏன் போகவில்லை? பிள்ளைகள் எங்களிடம் கேட்டதும் இதைத்தான். பதில் 'துண்டு' என்ற ஒரு காகிதத்தில் இருக்கிறது.

ஊரிலிருந்து ஆள் திரட்டி வருவதற்குத் துரை கங்காணிக்கு முன்பணம் கொடுப்பார். தோணிக்கூலி, வழிச்சோறு, ஊர்க்கடன் என்று கங்காணி அதைத் தன் ஆட்கள் தலையில் எழுதுவார். எழுதும் கணக்கு அவர் கையில். நம்மவர்க்கு வாசிக்கத் தெரியாது. ஆக, தொழிலாளி கங்காணிக்குக் கடன். கங்காணி தோட்டத்துக்குக் கடன். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரையிடம் ஒரு துண்டு வாங்கவேண்டும். 'இவ்வளவு பணம் கட்டினால் இந்தக் கங்காணியையும் அவருடைய இத்தனை ஆட்களையும் விடுகிறேன்' என்று அதில் இருக்கும். பணத்தைக் கட்டுவது அடுத்த தோட்டத்துத் துரை. அந்தத் தொகை அங்கேயும் கடனாகவே கூட வரும். துண்டு இல்லாதவரைத் தோட்டங்கள் எடுப்பதில்லை. ஒரு ஆளைக்கூடக் கயிற்றால் கட்டவில்லை. ஆனாலும் ஆள் கைமாறினார், கடனோடு சேர்த்து.

இதில் நன்றாகக் கவனிக்கவேண்டியது ஒன்று. கங்காணிகள் எல்லோரும் கொடியவர்கள் இல்லை. பலர் சொந்தக்காரர்கள், ஊர்க்காரர்கள். கலியாணத்துக்குக் காசு கொடுத்தார்கள், சண்டையில் பக்கம் நின்றார்கள். வாழ்நாள் முழுக்கக் கடனைச் சொல்லி ஒருதரம்கூட மிரட்டாத கங்காணியும் இருந்திருப்பார். தலையிடாமைக் கணக்குப்படி அவரிடம் இருந்த ஆள் சுதந்திரமானவர். ஆனால் அந்த ஆளிடம் போய்க் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "கங்காணி முகம் கோணாமல் நடந்துகொள்ளவேண்டும்" என்றுதானே சொல்லியிருப்பார். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருக்கிறது.

முதல் கட்சிக்காரர்கள் இதற்கு ஒரு மறுப்புச் சொல்வார்கள். அதையும் நேர்மையாக எடுத்துப் பார்ப்போம். "எசமான் நல்லவர் என்றால் அவர் தலையிடும் வாய்ப்புக் குறைவு. வாய்ப்புக் குறைந்த அளவுக்குச் சுதந்திரம் கூடுகிறது. இதற்குப் புதுக் கணக்கு எதற்கு?" என்பார்கள். நாங்கள் கேட்கிறோம்: அந்த வாய்ப்பு எப்படிக் குறைகிறது? துரை வரும்போது தலைப்பாகையை அவிழ்ப்பதால், குடையை மடக்குவதால், கந்தோர் வாசலில் வெயிலில் காத்து நிற்பதால், சங்கக் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பதால். குனிந்தால் அடி விழாது. அதற்காகக் குனிந்தவரைச் சுதந்திரமானவர் என்று எழுதிவிடலாமா? ஆசையை அடக்கிக்கொண்ட கைதி அதனாலேயே விடுதலை பெற்றுவிடமாட்டான் என்று பெர்லினே ஒப்புக்கொண்டார். காக்காய் பிடித்துத் தப்புகிறவன் விஷயமும் அப்படித்தான் என்கிறார் பெட்டிட். ஆளைச் சோதிக்க அவர் சொல்லும் அளவுகோல் எளிது: பயமும் முகஸ்துதியும் இல்லாமல் மற்றவர் கண்ணை நேராகப் பார்த்துப் பேச முடிகிறதா? இதை நாளைக் காலை பிரட்டில் நீங்களே சோதித்துப் பாருங்கள்.

அப்படியானால் விடுதலை எங்கிருந்து வந்தது? துரையின் மனம் இளகியதால் வரவில்லை. பொன்னம்பலம் அருணாசலம் போன்றோரின் எதிர்ப்பும் இந்தியாவின் நெருக்குதலும் சேர்ந்து 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. 1927இல் குறைந்தபட்ச சம்பளச் சட்டம் வந்தது. 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தோட்டக்காரர்கள் இந்தச் சட்டங்களைத் தங்கள் சுதந்திரத்தில் தலையீடு என்றுதான் சொல்லமுடியும். தலையீடுதான்! வேலியும் தலையீடுதான். ஆனால் எல்லோருக்கும் ஒன்றாக எழுதி, கேள்வி கேட்க வழி வைத்து, ஒருவர் இஷ்டத்துக்கு மாற்றமுடியாமல் போடும் சட்டம் ஆளை அடிமையாக்காது. எசமானுடைய கையைத்தான் கட்டும்.

சட்டம் என்றாலே நல்லது என்றும் நாங்கள் சொல்லவரவில்லை. அதற்கும் தலைமன்னாரே சாட்சி. 1947 தேர்தலில் நம் மக்கள் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடம் பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் வாக்குரிமையும் பறிபோனது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களை ஒருவரும் கேட்கவில்லை. தாத்தா இறங்கிய துறையிலேயே பேத்தி கப்பல் ஏறினாள். வோட்டும் குரலும் இல்லாதவன்மேல் சட்டம் போடுகிற அரசாங்கம், பெரிய கங்காணியைவிடப் பெரிய கங்காணி.

இனி இன்றைக்கு வருவோம். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வந்தபோது கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. பலர் சம்பளத்தை மட்டும் பார்த்தார்கள். ஒப்பந்தத்தில் குறைகள் நிறைய இருந்தன, நாங்களே அதைத் திட்டியிருக்கிறோம். ஆனால் ஒப்பந்தம் போனபோது போனது வெறும் காகிதம் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ, மாதத்துக்கு எத்தனை நாள் வேலை என்பதைப் பேசித் தீர்க்கும் மேசை போனது. மேசை இல்லாத இடத்தில் துரையின் மனசுதான் சட்டம். லயக் காம்பராவும் அப்படித்தான். உறுதி இல்லாத வீட்டில் இருப்பவர் யாரோ ஒருவருடைய தயவில் இருக்கிறார். ஓய்வுபெற்ற அப்பா, வேலைக்குப் போகாத மகன் என்று ஒவ்வொருவரையும் காட்டி 'வீடு தோட்டத்துடையது' என்று சொல்லமுடிகிறது. சொல்லாவிட்டாலும் சொல்லமுடியும் என்பது நமக்குத் தெரியும். அதனால் வாயை மூடுகிறோம்.

இந்தக் கருத்து எல்லா நோய்க்கும் மருந்து இல்லை. தேயிலை விலை உலகச் சந்தையில் விழுந்தால் அங்கே கண்ணைப் பார்த்துப் பேச ஒரு எசமானும் இருக்கமாட்டார். பசிக்கு முகம் இல்லை. அதற்கு வேறு போராட்டம் வேண்டும். ஆனால் முகம் உள்ள ஆதிக்கம் நம் முன்னால் நிற்கிறது. அதற்கு எதிராகக் கேட்கவேண்டியது தெளிவு: வீட்டுக்கும் அதைச் சுற்றிய நிலத்துக்கும் உறுதி, கிலோவையும் அரைப்பேரையும் எழுத்தில் வைக்கும் ஒப்பந்தம், முறைப்பாடு செய்தவரைப் பழிவாங்க முடியாத விசாரணை முறை.

நல்ல துரை வந்தால் சந்தோஷம், வரவேற்போம். ஆனால் எங்கள் பிள்ளைகளின் மரக்கறித் தோட்டம் அவருடைய நல்ல மனசில் முளைக்கவேண்டாம். உறுதியில் முளைக்கட்டும். கந்தோரில் கேட்ட கேள்விக்கு எங்கள் பதில் இதுதான்: எங்களைக் கட்டிப் போடவில்லை, சரி. கயிறு இன்னும் உங்கள் கையில் ஏன் இருக்கிறது?