ஏற்காடு ஏறும் முன்: முதலில் சீட், கடைசியில்தான் கண்ணாடி

சேலத்தில் வாடகைக் கார் எடுத்து ஏற்காடு கிளம்புறவங்க முதலில் கண்ணாடியைத் திருப்பினால், அது வீண் வேலை. சீட் நகர்ந்தால் கண்ணும் நகரும். கண்ணாடியில் தெரிவதும் மாறிடும்.

எனவே சீட்தான் முதலில். கிளட்ச், பிரேக்கை முழுசா அழுத்தினாலும் முழங்கால் லேசா மடங்கியே இருக்கணும். அடுத்து ஸ்டீயரிங். முதுகைச் சாய்த்தபடி கையை நீட்டினால் மணிக்கட்டு அதன் உச்சியில் படணும். படலைன்னா, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது தோள் சீட்டை விட்டு எழும், பிடி தளரும்.

ஹெட்ரெஸ்ட்டின் மேல் விளிம்பு உச்சந்தலை மட்டத்துக்கு வரணும். கடைசியில் கண்ணாடி: பக்கவாட்டுக் கண்ணாடியின் உள் ஓரத்தில் சொந்தக் கார் துளி தெரிந்தால் போதும்; மீதி சாலைக்கு.

இத்தனையும் அடிவாரத்திலேயே, வண்டி நிற்கும்போதே முடியணும். ஓடும்போது சீட்டை நகர்த்தினால், பிரேக் கால் எட்டாமல் போகலாம்.